உள்கிண்ணம் கழன்று வராத சாப்பாட்டுப் பெட்டி: முதலில் அது எதனால் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

திருகோணமலையில் ஒரு பாத்திரக்கடையில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். புதுப் பெட்டி வாங்க வருகிறவர்களில் சிலர் பழைய பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். பெட்டியில் ஓட்டை இராது, மூடியும் உடைந்திராது. உள்ளே இருக்கும் சில்வர் கிண்ணம் வெளிக்கூட்டுக்குள் இறுகிப்போய் வெளியே வர மறுத்திருக்கும், அவ்வளவுதான். கடைக்கு வருமுன்பே அதைத் தரையில் தட்டிப் பார்த்திருப்பார்கள், கத்தியால் நெம்பிப் பார்த்திருப்பார்கள். பல நேரங்களில் இறுக்கத்தை விட இந்த வைத்தியத்தால்தான் பெட்டி கெட்டிருக்கும்.

இங்கே சொல்லப்போவது, வெளியே பிளாஸ்டிக் கூடும் உள்ளே எடுத்துக் கழுவக்கூடிய சில்வர் கிண்ணமும் உள்ள பெட்டியைப் பற்றி. அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெரும்பாலானோர் கொண்டுபோவது அதைத்தான். முழுதும் உலோகத்தால் ஆன, சூடு ஆறாமல் வைத்திருக்கும் குடுவை வகைப் பெட்டிக்குச் சில இடங்களில் விதி மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

மூன்று விதமான பிடி

கிண்ணத்தை மூன்று விடயங்கள் பிடித்துவைக்கலாம். ஒன்று காற்று. இரண்டாவது, அளவு ஒத்துவராமல் இறுகிய சுவர். மூன்றாவது, இடுக்கில் வடிந்து காய்ந்த கறி. இவற்றுக்கான வைத்தியங்கள் ஒன்றுக்கொன்று எதிரானவை. காற்றுப் பிடித்த கிண்ணத்துக்குச் சூடு வேண்டும், சுவர் பிடித்த கிண்ணத்துக்குக் குளிர் வேண்டும். மாற்றிச் செய்தால் இன்னும் இறுகும். அதனால் கையை வைக்குமுன் எந்தப் பிடி என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

பார்ப்பதற்குக் கருவி தேவையில்லை. கிண்ணத்தைக் காலிசெய்து கைகளை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, தூக்காமல், பக்கவாட்டில் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாகவேனும் வழுக்கிச் சுழல்கிறது, ஆனால் மேலே வரவில்லை என்றால் அது காற்று. மேலே இழுக்கும்போது நூல் அளவு எழும்பி, விட்டதும் தானாகவே கீழே உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம். கொஞ்சமும் சுழலாமல் கல்போல நின்றால், அல்லது ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்து தெரிந்தால் அது சுவர்ப்பிடி. சுழற்றும்போது நறநறவென்ற உணர்வும் விளிம்பைச் சுற்றி மஞ்சள் கோடும் இருந்தால் காய்ந்த கறி.

எப்போது பிடித்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். காலையில் கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டு வைத்து, மதியம் எடுக்க வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காற்றுத்தான். கழுவிக் காயவைத்து, வெறும் கிண்ணத்தைச் சொருகிய பிறகு பிடித்திருந்தால் சுவர். வீட்டில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் இருந்து, கிண்ணங்கள் மாறிப்போயிருந்தாலும் சுவர்தான்.

வெறும் காற்றுக்கு இவ்வளவு பலமா?

பலருக்கும் இது நம்ப முடியாததாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிண்ணத்தின் வாய் 12 செ.மீ. அகலம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 113 சதுர செ.மீ. வெளிக்காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் ஒரு கிலோ பாரத்துடன் அழுத்துகிறது. கிண்ணத்துக்கு அடியிலும் அதே அமுக்கத்தில் காற்று இருக்கும்வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. அடியிலுள்ள அமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், கிண்ணத்தின் மீது 20 கிலோவுக்கு மேல் பாரம் ஏறிவிடும். ஒரு சிறிய அரிசி மூடையை விரல் நுனியால் விளிம்பில் பிடித்துத் தூக்குவதற்குச் சமம்.

அடியிலுள்ள அமுக்கம் ஏன் குறைகிறது? சூடான காற்று ஆறினால் சுருங்கும் என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, கழுவிய வெளிக்கூட்டைத் துடைக்காமல் கிண்ணத்தை வைக்கும் பழக்கம். கூட்டின் அடியில் நிற்கும் நாலைந்து துளித் தண்ணீர், சூடான கிண்ணம் பட்டதும் ஆவியாகிறது. 80 பாகை சூட்டில் இந்த ஆவிக்கு வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ பாதி வலு இருக்கும். அது அடியிலிருக்கும் காற்றை விளிம்பு வழியே வெளியே தள்ளிவிட்டு, தான் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 30 பாகைக்கு ஆறும்போது அந்த ஆவி மறுபடி தண்ணீராகிவிடும். அப்போது அதன் அமுக்கம் முன்பிருந்ததில் பத்தில் ஒன்றுகூட இல்லை. வெளியே போன காற்று திரும்பி வரப் பார்த்தால், விளிம்பில் ஈரமும் குழம்பு எண்ணெயும் சேர்ந்து வழியை அடைத்திருக்கும். சிலிக்கன் வளையம் உள்ள பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

மருமகனின் பெட்டி

அக்காவின் மகன் கந்தளாயில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். காலை ஆறு மணிக்கு முன்பே அக்கா சோறு வடித்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கிண்ணத்தில் போட்டு, மேலே பாரை மீன் குழம்பும் சொதியும் ஊற்றிக் கொடுத்துவிடுவார். அலுவலகத்தில் நாள் முழுதும் குளிரூட்டி ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவன் கிண்ணத்தை எடுக்கப் பார்த்தபோது வரவில்லை. கூட்டோடு வைத்தே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

இரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, உள்ளே ஐஸ் கட்டி போட்டு வெளியே சுடுதண்ணீர் ஊற்றினால் வரும் என்றார்கள். அப்படியே செய்தேன். முன்பு கொஞ்சமாவது அசைந்தது, இப்போது அதுவும் இல்லை."

அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. ஐஸ் போட்டு இறுகியது என்றால் அது காற்று. ஏற்கனவே சுருங்கிய காற்றை அவன் மேலும் சுருக்கியிருக்கிறான். வெளியே ஊற்றிய சுடுதண்ணீரால் பயனும் இல்லை. இப்படிப்பட்ட கூட்டுக்கு இரட்டைச் சுவர் இருக்கும், நடுவில் சூடு கடத்தாத நுரை நிரப்பியிருப்பார்கள். சோற்றின் சூடு வெளியே போகாமல் தடுப்பதற்கான சுவர், வெளிச் சூட்டையும் உள்ளே விடாது.

"ஐஸைக் கொட்டு. பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

காற்றுப்பிடியை விடுவிக்கும் முறை

அடிப்படை இதுதான்: கிண்ணத்தை எந்தச் சூட்டில் வைத்தோமோ அந்தச் சூட்டுக்கு அருகில் மறுபடி கொண்டுபோக வேண்டும். அடியிலிருக்கும் காற்று விரியும், தண்ணீர் ஆவியாகும், பிடி தளரும். தளர்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வெளிக்காற்று உள்ளே போக ஒரு வழி செய்துவிட வேண்டும்.

கேத்தலில் தண்ணீர் கொதிக்க வையுங்கள். கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு என்று கலந்தால் நம் ஊர் வெயிலில் ஏறத்தாழ 65 பாகை வரும். வெப்பமானி வேண்டியதில்லை. விரல் நுனி பட்டதுமே எடுக்கத் தோன்றும் சூடு அது. கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கிற அளவுச் சூடு இதற்குப் போதாது. முழுக் கொதிநீரும் வேண்டாம். அது பிளாஸ்டிக் கூட்டை இளக்கிவிடும், கை தவறினால் தொடையில் கொட்டும். பிள்ளைகளைக் குசினிக்கு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள்.

கலந்த தண்ணீரைக் கிண்ணத்தின் முக்கால் பாகத்துக்கு ஊற்றுங்கள். கிண்ணத்துக்குள் மட்டும் ஊற்ற வேண்டும், விளிம்புக்கு மேல் வழியக் கூடாது. பிறகு நான்கைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். இதற்கிடையில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளியை ஒரு கரண்டித் தண்ணீரில் கலந்து, விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிவிடுங்கள். எங்காவது சிறு குமிழி எழும்பினால் அங்கே காற்று வெளியே வருகிறது என்று பொருள். குமிழி வந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விளிம்பு மிகவும் தளர்வாக இருப்பது அங்கேதான்.

இப்போது ஒரு துண்டுத் தங்கூசி, அதாவது தூண்டிலுக்குக் கட்டும் நைலோன் இழை, வேண்டும். மீன்பிடிக்காரர் வீடு எதிலும் ஒரு முழம் கிடைக்கும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கோப்பு உறையிலிருந்து அரை விரல் அகலத்தில் ஒரு கீற்று வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும்போதே, குமிழி வந்த இடத்தில் விளிம்புக்கும் கூட்டுக்கும் நடுவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நுழையுங்கள். முன்பு எவ்வளவு அழுத்தினாலும் போகாத இடத்தில் இப்போது போகும். சிலிக்கன் வளையம் இருந்தால் அதற்கும் கிண்ணத்துக்கும் இடையே நுழைக்க வேண்டும், வளையத்துக்கு வெளியே அல்ல. இரண்டு மூன்று செ.மீ. போனதும் பெரும்பாலும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும், சில வேளை 'டப்' என்று. காற்று உள்ளே போகிறது.

சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தங்கூசியை எடுக்காமல் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு உடனே தூக்குங்கள். மெல்லிய சில்வர் விரைவில் ஆறிவிடும், அரை நிமிடத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. குட்டையான முக்காலியில் உட்கார்ந்து கூட்டை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, துவாயால் விளிம்பைப் பிடித்து, தங்கூசி உள்ள பக்கத்தை முதலில் உயர்த்துங்கள். காற்றுப்பிடியில் சரித்துத்தான் தூக்க வேண்டும். ஒரு ஓரம் விட்டால் முழுதும் விடும்.

மருமகனின் பெட்டி முதல் தடவையில் வரவில்லை. தங்கூசி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி தண்ணீர் கலந்து, இந்தத் தடவை கொதிநீர் மூன்று பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு என்று கொஞ்சம் சூட்டைக் கூட்டினேன். ஐந்தாவது நிமிடத்தில் தங்கூசி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, சத்தமும் வந்தது. கூட்டின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் நின்றது, மேலே மீன் குழம்பு எண்ணெய் மிதந்தது. அக்கா அதை மணந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "காலையில் கழுவிவிட்டு அப்படியேதான் வைத்தேன், துடைக்கவில்லை" என்றார். அந்த ஒரு தேக்கரண்டி வந்த வழி அதுதான்.

மூன்று தடவை செய்தும் அசையவில்லை என்றால் நீங்கள் பிடியைத் தவறாகக் கணித்திருக்கலாம். மீண்டும் சுழற்றிப் பாருங்கள்.

சுவர் பிடித்திருந்தால்

இங்கே ஐஸுக்கு வேலை இருக்கிறது. 12 செ.மீ. அகலச் சில்வர் கிண்ணத்தை 50 பாகை குளிரவைத்தால் அதன் அகலம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். ஒரு தாளின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் இறுகிய இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு தாள் அளவு இடைவெளி என்பது நிறைய. பிளாஸ்டிக் இதைவிடப் பல மடங்கு விரியும், சுருங்கும். அதனால் ஒற்றைச் சுவர்க் கூடு என்றால் முதலில் கூட்டை அகன்ற பாத்திரத்தில், மேலே சொன்ன 65 பாகைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கூட்டின் உடல் வேண்டிய அளவு நனையட்டும், தண்ணீர் இடுக்குக்குள் போகக் கூடாது. ஐஸும் தண்ணீரும் கலந்து கிண்ணத்துக்குள் ஊற்றுவது கடைசியில்தான், அதுவும் ஒரு நிமிடம் மட்டும். நேரம் போனால் குளிர் கூட்டுக்கும் பரவி இரண்டும் சேர்ந்து சுருங்கிவிடும்.

எடுக்கும் விதமும் மாறுகிறது. இங்கே சரிக்கக் கூடாது. சரித்தால் கிண்ணம் கோணலாகிக் கூடுதலாக இறுகும். இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே நேர்மேலாகத் தூக்க வேண்டும். ஏற்கனவே கோணலாக உட்கார்ந்திருந்தால், உயர்ந்திருக்கும் பக்கத்தை முதலில் உள்ளங்கையால் மெதுவாகக் கீழே அழுத்தி மட்டப்படுத்துங்கள். வெளியே எடுக்க வேண்டியதை உள்ளே அழுத்துவதா என்று கடையில் பலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள்.

நுரை நிரப்பிய இரட்டைச் சுவர்க் கூட்டையும் குடுவை வகைப் பெட்டியையும் வெளியே சூடாக்கிப் பயனில்லை. அவற்றுக்கு எண்ணெய்தான். தேங்காய் எண்ணெயை விளிம்பைச் சுற்றித் துளித்துளியாக விட்டு ஓர் இரவு வையுங்கள், காலையில் சுழற்றுங்கள். எண்ணெய் விட்டபின் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்து மெழுகாகிவிடும், நீங்களே பசை பூசியதாக ஆகும்.

காய்ந்த கறி என்றால் பெரிய வித்தை எதுவும் இல்லை. சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை இடுக்கைச் சுற்றி ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள், பிறகு சுழற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பான வீடுகளில் கறிக்குப் பதிலாக வெள்ளைக் கல்படிவு பிடித்திருக்கும். அதற்குச் சவர்க்காரத்துக்குப் பதில் வினாகிரி. நீண்ட நேரம் ஊறவைக்கும் எதிலும் இரட்டைச் சுவர்க் கூட்டின் பொருத்துக்கோடு தண்ணீருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர்களுக்கு நடுவே போன தண்ணீர் வெளியே வருவதற்குள் நாற்றம் வந்துவிடும்.

செய்யக் கூடாதவை

கத்தியால் நெம்புவது. விளிம்பில் விழும் ஒரு சிறு வெட்டு போதும், பிறகு அந்தப் பெட்டி சொதியை ஒழுக விடும். கை வெட்டுப்படுவது தனிக்கதை. தரையில் குத்தினால் கிண்ணத்தின் வட்டம் நசுங்கி, காற்றுப்பிடியாக இருந்தது சுவர்ப்பிடியாகவும் ஆகிவிடும். தட்டியே ஆக வேண்டும் என்றால், மடித்த துவாயின் மேல் நாலு விரல் உயரத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். அதற்கு மேல் பலம் வேண்டாம்.

முழுப் பெட்டியையும் உறைநிலைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இடுக்கில் நிற்கும் தண்ணீர் உறையும்போது பருத்து, சுவரைத் தள்ளிவிடும். அடுப்புத் தீயில் காட்டுவது எல்லாவற்றிலும் மோசம். குடுவை வகையின் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏதேனும் ஈரம் புகுந்திருந்தால் அது ஆவியாகி வெளியேற வழியின்றி வெடிக்கக்கூடும்.

எதுவுமே பலிக்காத ஒற்றைச் சுவர் பிளாஸ்டிக் கூட்டுக்கு மட்டும் ஒரு கடைசி வழி உண்டு: கூட்டின் அடி நடுவில் இரண்டு மில்லிமீற்றர்த் துளை. காற்றுப்பிடி என்றால் அந்தக் கணமே விட்டுவிடும், இனி எப்போதும் பிடிக்கவும் பிடிக்காது. இடுக்கில் வடிந்த குழம்பு இனிப் பைக்குள் வடியும் என்பது அதன் விலை. துளையிடும் ஊசி கிண்ணத்தின் அடியைத் தொட்டுவிடாமல் பாருங்கள். இரட்டைச் சுவருக்கு இந்த வழி உதவாது. குடுவையில் துளை போட்டால் சூடு ஆறாமல் வைத்திருக்கும் தன்மையே போய்விடும்.

ஒரு நாளுக்கு மேல் பிடித்திருந்த பெட்டி கழன்று வந்ததும் கூட்டின் உட்புறத்தையும் வளையத்தையும் தனித்தனியே கழுவி வெயிலில் காயவையுங்கள். கழற்றவே முடியவில்லை என்றால் அதில் சோறு கட்டுவதை நிறுத்திவிடுங்கள். இடுக்கில் புளித்து நிற்பதைக் கழுவ வழியில்லை.

மறுபடி பிடிக்காமல் இருக்க அக்கா இப்போது இரண்டு வேலை செய்கிறார். கூட்டின் உட்புறத்தையும் கிண்ணத்தின் அடியையும் காய்ந்த துணியால் துடைக்கிறார். சூடான கிண்ணத்தைக் கூட்டில் இறக்கி ஐந்து நிமிடம் கழித்து ஒரு தடவை முழுதாகத் தூக்கி, அடியில் தேங்கிய ஆவியை வெளியேற்றி, மறுபடி இறக்கி மூடுகிறார். மருமகனுக்கு இதில் நம்பிக்கை போதவில்லை போலும். ஒரு துண்டுத் தங்கூசியைச் சுருட்டிப் பெட்டிப் பையின் ஓரத்தில் செருகியே வைத்திருக்கிறான்.